2-ஆ, 3-ஆ? ரூப்ரிக்கில் அடுத்தடுத்த நிலைகள் குழம்பும்போது திருத்தி எழுதும் வழி

ரூப்ரிக் என்பது விடைத்தாளை நிலைகளாகப் பிரித்து மதிப்பிடும் அட்டவணை: ஒரு வரிசைக்கு ஒரு கூறு, ஒரு கட்டத்துக்கு ஒரு நிலையின் விவரணை. நான்கு நிலை ரூப்ரிக்கில் 1-ஐயும் 4-ஐயும் பிரிப்பதில் யாருக்கும் சிக்கல் வருவதில்லை. சிக்கல் நடுவில்தான். ஒரே விடைத்தாளுக்கு ஒருவர் 2 போடுகிறார், இன்னொருவர் 3 போடுகிறார். இருவருமே ரூப்ரிக்கைக் கவனமாகப் படித்துவிட்டுத்தான் போட்டிருக்கிறார்கள். இப்படி நடக்கும்போது கோளாறு பெரும்பாலும் திருத்தியவர்களிடம் இல்லை, அந்த இரண்டு கட்டங்களில் இருக்கும் வாக்கியங்களில் இருக்கிறது. கீழே வருவது அந்த வாக்கியங்களைப் பழுது பார்க்கும் முறை.

தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே ஒரு வரிசையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். வாதக் கட்டுரைக்கான ரூப்ரிக். கட்டுரைத் தலைப்பு, "பள்ளிக்குள் கைபேசியை அனுமதிக்கலாமா?" அளக்கப்படும் கூறு, "ஆதாரம்". பழைய விவரணை இப்படி இருக்கிறது:

- நிலை 4: மிகப் பொருத்தமான ஆதாரங்களை மிகத் திறம்படப் பயன்படுத்துகிறார்.
- நிலை 3: பொருத்தமான ஆதாரங்களைத் திறம்படப் பயன்படுத்துகிறார்.
- நிலை 2: ஓரளவு பொருத்தமான ஆதாரங்களை ஓரளவு பயன்படுத்துகிறார்.
- நிலை 1: ஆதாரங்கள் போதவில்லை.

படிக்கும்போது ஒழுங்காகத்தான் தெரிகிறது. நான்கு கட்டங்களையும் வெட்டிக் கலைத்து ஒரு சக ஆசிரியரிடம் கொடுத்தால் நொடியில் வரிசைப்படுத்திவிடுவார். இந்த வெட்டி அடுக்கும் சோதனையை நம்பிப் பலர் ரூப்ரிக் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். "மிக", "ஓரளவு" என்ற சொற்களே வரிசையைக் காட்டிக்கொடுத்துவிடுவதால், அந்தச் சோதனை எதையும் நிரூபிப்பதில்லை. வாக்கியத்தை வாக்கியத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை. வாக்கியத்தை விடைத்தாளோடு ஒப்பிட வேண்டும்.

## எந்த எல்லை உடைந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்

எல்லாக் கட்டங்களையும் ஒரே மூச்சில் மாற்றி எழுத உட்காராதீர்கள். ஒரு வரிசையில் வழக்கமாக ஒரு எல்லைதான் மோசமாக இருக்கும். நன்றாக வேலை செய்யும் கட்டத்தையும் சேர்த்து மாற்றினால் புதுக் குழப்பம் கிளம்பும்.

20 விடைத்தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்களை மறைத்து, இரண்டு பேர் தனித்தனியாக, பேசிக்கொள்ளாமல், இந்த ஒரு வரிசைக்கு மட்டும் மதிப்பெண் போடட்டும். தாளிலேயே எழுதக்கூடாது. முதலில் திருத்துபவரின் எண்ணைப் பார்த்துவிட்டால் இரண்டாமவர் தன்னை அறியாமலே அதன் பக்கம் சாய்ந்துவிடுவார். பிறகு ஒரு அட்டவணை போடுங்கள். நம் எடுத்துக்காட்டில் முடிவு இப்படி வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்:

| | இரண்டாமவர் 1 | இரண்டாமவர் 2 | இரண்டாமவர் 3 | இரண்டாமவர் 4 |
|---|---|---|---|---|
| முதலாமவர் 1 | 2 | 1 | 0 | 0 |
| முதலாமவர் 2 | 0 | 4 | 4 | 0 |
| முதலாமவர் 3 | 0 | 3 | 4 | 1 |
| முதலாமவர் 4 | 0 | 0 | 0 | 1 |

மூலைவிட்டத்தில் இருப்பவை இருவரும் ஒத்துப்போன தாள்கள்: 2 + 4 + 4 + 1 = 11. அதாவது 20-இல் 11, 55 விழுக்காடு. மீதி 9 தாள்களில் வித்தியாசம் ஒரே ஒரு நிலைதான். "ஒரு நிலை முன்பின்னாக இருந்தால் பரவாயில்லை" என்று கணக்கிட்டால் ஒப்புதல் 100 விழுக்காடு. இந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். நான்கு நிலைகளுக்கும் சம வாய்ப்பு இருக்கும்படி இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு எண் போட்டாலும், ஒரு நிலை வித்தியாசத்துக்குள் 62.5 விழுக்காடு ஒத்துப்போவார்கள். மொத்தமுள்ள 16 கட்டங்களில் 10 கட்டங்கள் அந்த வரம்புக்குள் விழுகின்றன. ஆகவே நான்கு நிலை ரூப்ரிக்கில் துல்லியமான ஒப்புதலைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, அந்த 9 தாள்கள் எந்த எல்லையில் விழுந்திருக்கின்றன? 1-க்கும் 2-க்கும் நடுவில் ஒன்று, 3-க்கும் 4-க்கும் நடுவில் ஒன்று, 2-க்கும் 3-க்கும் நடுவில் ஏழு. உடைந்த எல்லை எது என்று தெரிந்துவிட்டது.

இன்னும் ஒன்று பார்க்க வேண்டும்: அந்த ஏழும் எந்தத் திசையில்? நாலு தாள்களில் முதலாமவர் குறைத்திருக்கிறார், மூன்றில் இரண்டாமவர் குறைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் சாய்ந்திருந்தால் விவரணை மங்கலாக இருக்கிறது என்று பொருள். யாருக்குமே கோடு எங்கே என்று தெரியவில்லை. மாறாக ஏழிலும் ஒருவரே குறைத்திருந்தால் நிலைமை வேறு: இருவரும் தங்கள் மனத்தில் தெளிவான கோடு வைத்திருக்கிறார்கள், ஆனால் வெவ்வேறு இடத்தில். அப்போது அவர்களைத் தனித்தனியாக "3 கொடுக்கத் தாளில் என்ன தென்பட வேண்டும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டு பதில்களில் எது அந்தப் பாடத்தின் நோக்கத்துக்கு ஏற்றது என்று முடிவு செய்து, அதையே ரூப்ரிக்கில் எழுதினால் பாதி வேலை முடிந்தது.

## அறிகுறி: ஒரே எல்லையில், இரண்டு திசையிலும் கருத்து வேறுபாடு

இதுதான் அதிகம் வருவது. காரணம், இரண்டு கட்டங்களுக்கும் உள்ள ஒரே வேறுபாடு ஒரு அடைமொழி. "ஓரளவு" என்பதையும் "திறம்பட" என்பதையும் நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். நிலை 2-உம் நிலை 3-உம் ஒரே வாக்கியமாகிவிடும். அடைமொழி அளவைச் சொல்கிறதே தவிர, எதைப் பார்த்து அந்த அளவை முடிவு செய்வது என்று சொல்வதில்லை. ஒவ்வொருவரும் தான் அதுவரை திருத்திய தாள்களை வைத்து "திறம்பட" என்பதை நிரப்பிக்கொள்கிறார்கள். நல்ல தாள்கள் பத்து தொடர்ந்து வந்தபின் பதினோராவது தாள் "ஓரளவு" ஆகிவிடுகிறது.

இதற்கு "திறம்பட" என்பதை "சிறப்பாக" என்றோ "போதுமான அளவு" என்றோ மாற்றுவது மருந்தாகாது. புதுச் சொல் தேடுவதை நிறுத்திவிட்டு விடைத்தாள்களுக்குத் திரும்புங்கள்.

இருவரும் 2 என்று ஒத்துக்கொண்ட நாலு தாள்களை ஒரு பக்கம் வையுங்கள். இருவரும் 3 என்று ஒத்துக்கொண்ட நாலு தாள்களை இன்னொரு பக்கம் வையுங்கள். சர்ச்சைக்குரிய ஏழையும் இப்போதைக்குத் தொடவேண்டாம். இப்போது ஒரு கேள்வி: 3-இல் இருக்கிற, 2-இல் இல்லாத எதையாவது பென்சிலால் அடிக்கோடிட முடிகிறதா? இந்த அடிக்கோடிடும் சோதனைதான் முழு வேலைக்கும் அடிப்படை. இரண்டு பேர் தனித்தனியாக அடிக்கோடிட்டால் அதே இடத்தில் கோடு விழவேண்டும். விழுந்தால் அது கண்ணால் காணக்கூடிய அடையாளம். "புரிந்துகொண்டிருக்கிறார்", "முயன்றிருக்கிறார்", "ஆர்வம் தெரிகிறது" போன்றவற்றை அடிக்கோடிட முடியாது. அவை மாணவரின் மனத்தைப் பற்றிய ஊகங்கள். அப்படி ஒரு சொல் வந்தால், "அவர் புரிந்துகொண்டார் என்று தாளில் எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். வரும் பதில்தான் விவரணைக்குள் போகவேண்டியது.

நம் எடுத்துக்காட்டில், 2 வாங்கிய ஒரு தாளில் இப்படி ஒரு பகுதி:

> கைபேசி கவனத்தைச் சிதைக்கிறது. எங்கள் வகுப்பில் 30 பேரிடம் கேட்டதில், 18 பேர் பாடம் நடக்கும்போது கைபேசியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அடுத்து, கைபேசியால் செலவும் கூடுகிறது.

3 வாங்கிய தாளில், அதே போன்ற ஆதாரம், ஆனால் பின்னால் ஒரு வாக்கியம் கூடுதல்:

> …18 பேர் பாடம் நடக்கும்போது கைபேசியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் இடைவேளையில் அல்ல, பாடவேளையிலேயே பார்க்கிறார்கள் என்பதால், கைபேசி படிப்பதற்கான நேரத்தையே எடுத்துக்கொள்கிறது.

ஆதாரத்தின் "பொருத்தம்" இரண்டிலும் ஒன்றுதான். வேறுபாடு, இரண்டாவதில் ஆதாரம் கூற்றை எப்படித் தாங்குகிறது என்று சொல்லும் வாக்கியம் இருக்கிறது. அதை அடிக்கோடிடலாம். அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வது வசதி; இங்கே "தொடர்பு வாக்கியம்" என்போம். ஆசிரியர்கள் "திறம்பட" என்று எழுதியபோது மனத்தில் வைத்திருந்தது பெரும்பாலும் இதைத்தான். சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

மற்ற மூன்று ஜோடிகளிலும் இதே வேறுபாடு தெரிகிறதா என்று பாருங்கள். குறைந்தது மூன்று ஜோடிகளில் தெரிந்தால் அதுதான் எல்லைக்கோடு. ஒன்றில் மட்டும் தெரிந்தால் அது அந்த மாணவரின் தனிப்பட்ட பாணியாக இருக்கலாம். வேறு அடையாளம் தேடுங்கள்.

அடையாளம் கிடைத்ததும் அந்த வரிசை முழுவதும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லும்படி எழுதுங்கள். நம் வரிசையின் கேள்வி, "மாணவர் ஆதாரத்தை வைத்து என்ன செய்கிறார்?" நான்கு பதில்கள் கிடைக்கின்றன: ஆதாரம் வைப்பதில்லை, வைக்கிறார், கூற்றோடு இணைக்கிறார், அதன் எல்லையை எடைபோடுகிறார். ஒவ்வொரு படியும் வேறொரு செயல். அதனால் அடைமொழியே தேவைப்படவில்லை. வினைச்சொல் மாறும்போதுதான் நிலை மாறவேண்டும் என்பது நல்ல விதி.

திருத்திய வரைவு:

- நிலை 4: நிலை 3-இல் உள்ளது நிறைவேறியிருக்கிறது. அதோடு குறைந்தது ஓரிடத்தில், ஆதாரத்தால் எதைச் சொல்ல முடியாது என்று குறிப்பிட்டு, அதற்கேற்பத் தன் கூற்றைச் சுருக்கியோ மாற்றியோ எழுதியிருக்கிறார்.
- நிலை 3: பாதிக்கு மேற்பட்ட கூற்றுகளுக்குப் பக்கத்தில் ஆதாரமும், அது கூற்றை எப்படித் தாங்குகிறது என்று சொல்லும் தொடர்பு வாக்கியமும் இருக்கின்றன.
- நிலை 2: குறைந்தது ஒரு கூற்றுக்குப் பக்கத்தில் ஆதாரம் இருக்கிறது. தொடர்பு வாக்கியம் எங்கும் இல்லை, அல்லது பாதி அளவோ அதற்குக் குறைவாகவோ உள்ள கூற்றுகளுக்குத்தான் இருக்கிறது.
- நிலை 1: கூற்றுகள் இருக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து வருபவை அதே கூற்றை வேறு சொற்களில் திரும்பச் சொல்கின்றன, அல்லது கூற்றோடு ஒட்டாத தகவல்களாக இருக்கின்றன.

கீழே ஒரு குறிப்பும் வேண்டும். "ஆதாரம்" என்றால் படிப்பவர் சரிபார்க்கக்கூடிய எண், நிகழ்வு, மேற்கோள், நேரில் கண்டது. "எல்லோருக்கும் தெரியும்" என்று தொடங்குவது ஆதாரம் ஆகாது. இந்த ஒரு வரி இல்லையென்றால் தகராறு 2-3 எல்லையிலிருந்து 1-2 எல்லைக்கு இடம் மாறும்.

"பாதிக்கு மேற்பட்ட" என்பது ஏன்? "எல்லாக் கூற்றுகளுக்கும்" என்று முதல் வரைவில் எழுதத் தோன்றும். மூன்று கூற்றுகள் உள்ள கட்டுரையில் இரண்டுக்குத் தொடர்பு வாக்கியம் இருந்து ஒன்றுக்கு இல்லாமல் போனால் அந்தத் தாள் 2-க்கு விழும். ஒன்றுக்கு மட்டும் இருக்கும் தாளும் 2-தான். இரண்டும் ஒரே நிலை என்று எந்த ஆசிரியரும் ஏற்கமாட்டார், ரகசியமாக விதியைத் தளர்த்துவார், பழைய குழப்பம் திரும்பும். எல்லை எங்கே விழுகிறது என்பதை மூன்று, நான்கு கூற்றுகள் உள்ள தாள்களை வைத்து விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டே எழுதுங்கள். இரண்டே கூற்றுகள் உள்ள கட்டுரையில் ஒன்றுக்கு மட்டும் இருந்தால் அது சரிபாதி, "பாதிக்கு மேல்" அல்ல, அதனால் 2. இதையும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்தால் திருத்தும்போது யாரும் தடுமாற வேண்டியதில்லை.

## அறிகுறி: ஒரே தாள் பாதி 3-க்கும் பாதி 2-க்கும் பொருந்துகிறது

திருத்துபவர்கள் 2.5 போடத் தொடங்கிவிட்டார்களா? இதுதான் காரணம். ஒரு கட்டத்துக்குள் தனித்தனியே ஏறி இறங்கக்கூடிய இரண்டு விஷயங்கள் அடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. "பொருத்தமான ஆதாரங்களைத் தெளிவான மொழியில் தருகிறார்" என்பது அப்படிப்பட்ட வாக்கியம். ஆதாரம் 3, மொழி 2 என்று ஒரு தாள் வந்தால் கட்டம் உதவாது. ஒருவர் மொழியைப் பார்த்துக் குறைப்பார், மற்றவர் ஆதாரத்தைப் பார்த்து ஏற்றுவார்.

கண்டுபிடிக்க, கட்டத்தில் உள்ள "மற்றும்", "-உம் … -உம்" ஆகியவற்றை வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் கேளுங்கள்: இதில் ஒன்று இருந்து மற்றது இல்லாத தாள் நிஜமாகவே வருமா? வரும் என்றால் பிரிக்கவேண்டும். மொழித் தெளிவு வேறு வரிசைக்குப் போகட்டும். பெரும்பாலும் அது ஏற்கெனவே வேறு வரிசையில் இருக்கும், இங்கே இரண்டாம் முறை தண்டிக்கப்படுகிறது.

ஆனால் எல்லா "-உம்"களும் குற்றவாளிகள் அல்ல. நம் நிலை 3-இல் "ஆதாரமும் தொடர்பு வாக்கியமும்" என்று இருக்கிறது. ஆதாரம் இல்லாமல் அதன் தொடர்பு வாக்கியம் இருக்க முடியாது. ஆதாரம் மட்டும் இருந்தால் அது எங்கே போகும் என்று நிலை 2 சொல்லிவிடுகிறது. ஒன்று மற்றதன் மேல் ஏறி நிற்கும்போது பிரிக்கத் தேவையில்லை.

## அறிகுறி: பலவீனமான தாள்கள் மேல் நிலைக்குப் போகின்றன

இங்கே திருத்துபவர்கள் ஒத்துத்தான் போகிறார்கள், அட்டவணை அழகாக இருக்கிறது. ஆனாலும் 4 வாங்கிய தாளைப் படித்தால் மனம் ஒப்பவில்லை. விவரணையைப் பார்த்தால், "1 ஆதாரம்: நிலை 1, 2 ஆதாரங்கள்: நிலை 2, 3: நிலை 3, 4-உம் அதற்கு மேலும்: நிலை 4" என்று இருக்கும்.

மங்கலைப் போக்க எண்ணிக்கைக்குத் தாவுவது எளிதான வழி. அதனால்தான் இந்தக் கோளாறு இவ்வளவு பரவலாக இருக்கிறது. கண்ணால் காணக்கூடியது எல்லாம் அளக்கத் தகுந்தது ஆகிவிடாது. நாலு தகவல்களை வரிசையாகக் கொட்டி எதையும் கூற்றோடு இணைக்காத மாணவர், இரண்டே ஆதாரங்களை நன்றாக விளக்கியவரைத் தாண்டிவிடுகிறார். 1982-இல் ஜான் பிக்ஸும் கெவின் காலிஸும் முன்வைத்த, மாணவரின் விடை எப்படிக் கட்டமைந்திருக்கிறது என்பதைப் படிப்படியாகப் பிரிக்கும் சோலோ வகைப்பாடு இந்த இடத்தில் கைகொடுக்கும். பல தகவல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது அதில் ஒரு படி. அவற்றை ஒன்றோடொன்று தொடர்புபடுத்துவது அதற்கு மேலே உள்ள வேறொரு படி. தகவல்களைக் கூட்டிக்கொண்டே போனால் மேல்படி வந்துவிடாது.

சரிசெய்ய, எண்ணிக்கையைப் படிக்கட்டாக வைக்காமல் வாசற்படியாக மட்டும் வையுங்கள். "குறைந்தது ஓரிடத்தில்", "பாதிக்கு மேற்பட்ட" என்பவை, ஒரு செயல் தற்செயலாக நடந்ததா, வழக்கமாக நடக்கிறதா என்று பிரிக்க உதவுகின்றன. நிலையை உயர்த்துவது செயல். எண் அது போதுமான அளவு நடந்ததா என்று மட்டும் பார்க்கிறது. கட்டத்திலிருந்து எண்களை நீக்கிவிட்டுப் படியுங்கள்; அப்போதும் நான்கு நிலைகளும் நான்கு வேறு விஷயங்களைச் சொன்னால் எண் அதன் இடத்தில் இருக்கிறது.

## அறிகுறி: 4 யாருக்கும் கிடைப்பதில்லை, அல்லது யாருக்குக் கிடைக்கும் என்று தெரிவதில்லை

மேல் நிலையில் மட்டும் திடீரென்று "படைப்பாற்றலுடன்", "தனித்துவமாக", "எதிர்பார்ப்பை மிஞ்சி" என்று ஒரு புது விருந்தாளி வந்து உட்கார்ந்திருப்பார். கீழ் நிலைகளில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே ஒருவரின் படைப்பாற்றல் 2 அளவுக்கா, 3 அளவுக்கா என்று கேட்க இடமில்லை. 3 வாங்கிய மாணவருக்கும் 4-க்குப் போக எதைச் செய்யவேண்டும் என்று தெரியாது. ஆசிரியரிடம் கேட்டால் ஆசிரியரும் தயங்குவார்.

ஒவ்வொரு நிலையும் வரிசையின் அதே கேள்விக்குத்தான் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். "ஆதாரத்தை வைத்து என்ன செய்கிறார்?" என்ற கேள்விக்கு "தனித்துவமாக" என்பது பதில் ஆகாது. "அதன் எல்லையை எடைபோடுகிறார்" என்பது பதில். தாளில் அது இப்படித் தெரியும்:

> ஆனால் கைபேசியைப் பார்த்த 18 பேருமே கவனம் இழந்தார்கள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. சிலர் அகராதி பார்த்திருக்கலாம். ஆகவே பள்ளிக்குள் முழுத் தடை என்பதைவிட, பாடவேளையில் அனுமதி கேட்டுப் பயன்படுத்தலாம் என்பதைத்தான் இந்த எண் ஆதரிக்கிறது.

இதில் அடிக்கோடிட இரண்டு இடங்கள் இருக்கின்றன: எல்லையைச் சொன்ன இடம், கூற்று மாறிய இடம். இரண்டாவதைக் கட்டாயமாக்கியதற்குக் காரணம் உண்டு. "எல்லையைக் குறிப்பிடுகிறார்" என்று மட்டும் எழுதினால், "இருந்தாலும் எல்லா ஆய்வுகளுக்கும் குறைகள் உண்டு" என்ற பொது வாக்கியத்தை எந்தக் கட்டுரையிலும் ஒட்டி 4 வாங்கிவிடலாம். கூற்று மாறவேண்டும் என்றால் அந்த ஆதாரத்தை உண்மையாகவே எடைபோட்டாக வேண்டும்.

தலைப்போ, வகுப்போ இதற்கு இடம் கொடுக்கிறதா என்பதையும் பாருங்கள். 150 சொற்களுக்குள் எழுதச் சொல்லிவிட்டு இதை எதிர்பார்த்தால் 4 காலியாகவே கிடக்கும். அது விவரணையின் தவறல்ல, வினாவின் தவறு.

## அறிகுறி: 1-உம் 2-உம் ஒன்றுபோலவே இருக்கின்றன

கீழ் நிலைகள் "இல்லை" என்ற சொல்லால் மட்டும் கட்டப்பட்டிருக்கும்: "ஆதாரங்கள் போதவில்லை", "தெளிவில்லை", "இணைப்பு இல்லை". எது இல்லை என்று சொன்னால் எது இருக்கிறது என்று தெரியாது. நிலை 1 தாள்களில் நாலைந்தை எடுத்து, கூற்றுக்குப் பிறகு மாணவர் உண்மையில் எதை எழுதியிருக்கிறார் என்று பட்டியலிடுங்கள். கூற்றைத் திரும்பச் சொல்வது, ஒட்டாத தகவல் ஆகியவை நம் வரைவில் அப்படித்தான் வந்தன. மாணவருக்கும் இது உதவும்: "போதாது" என்பதைவிட "சொன்னதையே திரும்பச் சொல்லியிருக்கிறாய்" என்பதைத் திருத்திக்கொள்ள முடியும்.

எதுவும் எழுதாத தாளை நிலை 1-இல் போடாதீர்கள். அதற்கு 0 என்றோ "மதிப்பிட இடமில்லை" என்றோ தனி இடம் வேண்டும்.

## அறிகுறி: புது ரூப்ரிக் வந்தபின் எல்லோரும் 3 வாங்குகிறார்கள்

ரூப்ரிக்கை மாணவர்களுக்கும் கொடுத்தபின் இது நடக்கும், கொடுக்கத்தான் வேண்டும். முதலில் அது நிஜமான முன்னேற்றமா என்று பாருங்கள். முன்னேற்றமாக இருந்தால் தொடவேண்டாம். ஆனால் எல்லாத் தாள்களிலும் ஒரே அச்சில் வார்த்த வாக்கியம் தென்பட்டால் விவரணையில் ஓட்டை இருக்கிறது:

> …18 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். இதிலிருந்து கைபேசி கவனத்தைச் சிதைக்கிறது என்பது தெளிவாகிறது.

தோற்றத்தில் இது தொடர்பு வாக்கியம். உள்ளே, முதல் கூற்றின் மறுபதிப்பு. 18 என்ற எண் ஏன் கவனச் சிதைவைக் காட்டுகிறது என்று ஒரு சொல்லும் இல்லை. இதை அடைக்க விவரணையில் "உண்மையான", "ஆழமான" என்று சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்த்தால் நாம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுவோம். அதற்குப் பதில் குறிப்புப் பகுதியில் ஒரு நீக்கல் சோதனையை எழுதுங்கள்: அந்த வாக்கியத்தை நீக்கிப் பார்க்கவும், கூற்றிலும் ஆதாரத்திலும் ஏற்கெனவே இல்லாத எதுவும் குறையவில்லை என்றால் அதைத் தொடர்பு வாக்கியமாக எண்ணக்கூடாது. மேலே உள்ள வாக்கியத்தை நீக்கினால் எதுவும் குறைவதில்லை. முன்பு பார்த்த "இடைவேளையில் அல்ல, பாடவேளையிலேயே" என்ற வாக்கியத்தை நீக்கினால் ஒரு காரணம் போய்விடுகிறது.

இந்தச் சோதனை கட்டத்துக்குள் வேண்டாம், கீழே குறிப்பாகவே இருக்கட்டும். ஒரு கட்டம் மிக நீண்டுவிட்டால் திருத்துபவர்கள் சில தாள்களுக்குப் பிறகு அதைப் படிப்பதை நிறுத்திவிடக்கூடும்.

## மாற்றியது வேலை செய்கிறதா என்று பார்ப்பது

சர்ச்சைக்குரிய ஏழு தாள்களை இப்போது வெளியே எடுங்கள். புது விவரணையை வைத்து அவற்றை மீண்டும் மதிப்பிட்டால் எங்கே ஓட்டை மிச்சம் இருக்கிறது என்று உடனே தெரியும். ஆனால் இதை வெற்றிக்கான சான்றாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அந்தத் தாள்களைப் பற்றி எல்லோரும் நிறையப் பேசியாகிவிட்டது. பேச்சு நினைவில் இருப்பதாலேயே ஒத்துப்போவார்கள்.

உண்மையான சோதனைக்குப் புதுத் தாள்கள் 20 வேண்டும். விவரணையை எழுதும் வேலையில் இல்லாத ஒருவராவது திருத்துபவர்களில் இருக்கவேண்டும். முன்பு போலவே பேசிக்கொள்ளாமல் போட்டு, அதே அட்டவணையைத் தயாரித்து, அதே எல்லையைப் பாருங்கள். 2-3 எல்லையில் ஏழாக இருந்தது இரண்டு, மூன்றாகக் குறைந்து, பக்கத்து எல்லைகளில் கூடாமல் இருந்தால் மாற்றம் பலித்திருக்கிறது. 2-3 குறைந்து 3-4 ஏறியிருந்தால் குழப்பம் இடம் மாறியிருக்கிறது. நிலை 4-ஐ மீண்டும் அடிக்கோடிடும் சோதனைக்கு உட்படுத்துங்கள். இருபது தாள்களில் ஒன்றிரண்டு வித்தியாசம் தற்செயலாகவே வரும். அதை வைத்து வாக்கியத்தை மாற்றாதீர்கள்.

மிஞ்சும் அந்த இரண்டு, மூன்று தாள்களை மாதிரித் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஒவ்வொரு நிலைக்கும் நடுவாந்தரமான ஒரு தாளை மாதிரியாக வைப்பார்கள். அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை என்பதால் அதிகப் பயன் இல்லை. தட்டுத்தடுமாறி 3 எட்டிய தாள் ஒன்று, மயிரிழையில் 3-ஐத் தவறவிட்ட தாள் ஒன்று என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் வையுங்கள். ஓரத்தில் எந்த வாக்கியம் எண்ணப்பட்டது, எது நீக்கல் சோதனையில் விழுந்தது என்று குறித்து வையுங்கள். அடுத்த முறை வேறு தலைப்பில் கட்டுரை வரும்போது விவரணையின் சொற்கள் அப்படியே இருக்கலாம். மாதிரித் தாள்களை மட்டும் அந்தத் தலைப்பிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்ளவேண்டும், ஏனென்றால் கைபேசிக் கட்டுரையில் எது ஆதாரம் என்று தெரிந்தவருக்கு, கவிதை விமர்சனத்தில் எது ஆதாரம் என்று அந்தத் தாள் சொல்லாது.